மாத்தளையில் மெதுவாகப் போன ஒலி

கண்டியிலிருந்து கடிதம் வந்த அன்று நான் பொறுமையாக இருந்தேன் என்று சொன்னால் என்னோடு வேலை செய்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் வேண்டாம். கடிதத்தை மேசையில் எறிந்துவிட்டு, "இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று பள்ளிக்கூட அதிபரிடமே கத்தினேன். அவர் கடிதத்தைப் பொறுக்கி, மடிப்பைத் தடவிச் சரிசெய்து, "டீச்சர், மூணு கிழமை இருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் தமிழ் மொழியில் ஏ லெவல் என்னும் உயர்தர விஞ்ஞான வகுப்பு ஆரம்பித்திருந்தார்கள். ஆறே ஆறு பிள்ளைகள். பௌதிகம் படிப்பிக்க நான். வயது இருபத்தைந்து, பட்டம் புதிது, கோபம் மட்டும் பழையது. ஆய்வுகூடம் என்று சொல்லப்பட்ட அறையில் பாதி பரிசோதனைகளுக்குச் சாமான் கிடையாது. கல்வி அதிகாரி ஒருவர் மூன்று வாரத்தில் வந்து பார்ப்பார், அலைகள் பாடத்தின் செய்முறையைத் தம் கண் முன்னால் செய்துகாட்டச் சொல்வார், திருப்தி இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கண்டிப் பள்ளிக்கூடங்களில் சேர்க்கச் சொல்வார் என்பதுதான் கடிதத்தின் சாரம்.

பையன்கள் நால்வருக்கும் கண்டி பெரிய விஷயமில்லை. அங்கே ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருப்பார். இரண்டு பெண் பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டார் எப்படியும் கண்டிக்குக் குடிபோகப் போகிறவர்கள். மற்றவளுக்குத்தான் வழியில்லை. அவளுடைய வாப்பாவுக்கு டவுனில் இரும்புக் கடை. மகளை ஏ லெவல் படிக்க விட்டதே பெரிய காரியம் என்று நினைக்கும் மனிதர். "மாத்தளையில இருக்கும் வரைக்கும் படிக்கட்டும் டீச்சர். கண்டிக்கு பஸ்ஸுல எல்லாம் அனுப்ப மாட்டேன்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் பேச்சுக்கு இடம் வைக்காமல் சொன்னார். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். வகுப்பு மூடினால் அவள் வீட்டோடு இருந்துவிடுவாள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கம்பியின் அதிர்வைக் காட்டும் சுரமானி ஏற்கனவே ஒன்று செய்துவைத்திருந்தோம். தச்சர் ஒருவர் தேயிலைப் பெட்டிப் பலகையில் நீளமான பெட்டி அடித்துக் கொடுத்தார். அதன்மேல் ஒரு உருக்குக் கம்பியை இழுத்துக் கட்டி, கம்பியின் நுனியில் எடைக்கல் தொங்கவிட்டோம். அந்தப் பெட்டியோடு எங்களுக்கு நல்ல சிநேகம். கம்பியின்மேல் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளை மடித்துக் குதிரைச் சவாரி போல் உட்காரவைப்போம். கம்பியை மூன்றில் ஒரு பங்கில் இறகால் மெல்லத் தொட்டுக்கொண்டு, அந்தக் குட்டிப் பங்கின் நடுவில் சுண்டினால், கம்பி மூன்று துண்டாகப் பிரிந்து ஆடும். மூன்றில் இரண்டு பங்கில் இருக்கும் கடதாசி அசையாமல் இருக்கும், நட்டநடுவில் இருக்கும் கடதாசி துள்ளி விழும். அசையாத இடம் கணு, அதிகம் ஆடும் இடம் முரண்கணு. இதைக் கரும்பலகையில் வரைந்தபோது கொட்டாவி விட்டவர்கள், கடதாசி துள்ளியபோது விசில் அடித்தார்கள். நானும் அடித்திருப்பேன், பக்கத்து வகுப்பில் சமய பாடம் நடந்துகொண்டிருந்தது.

இல்லாதது பரிவுக் குழாய்தான். பாடப்புத்தகப் படத்தில் உயரமான கண்ணாடி ஜாடி இருக்கும், அதில் நீர், நீருக்குள் இரு பக்கமும் திறந்த கண்ணாடிக் குழாய். தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரண்டு கால் உருக்குக் கவையான இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு, குழாயை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு வந்ததும், கேட்டும் கேட்காமலும் இருந்த சத்தம் திடீரென்று பெருகும். அதுதான் பரிவு. தண்ணீர் மட்டத்தில் காற்று அசைய முடியாது, அங்கே கணு. திறந்த வாயில் முரண்கணு. முதல் பரிவில் காற்று நிரலில் கால் அலை நிற்கிறது, இரண்டாவதில் முக்கால் அலை. இரண்டு நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் அரை அலை. அலைநீளம் கிடைத்துவிட்டால் அதை இசைக்கவையின் அதிர்வெண்ணால் பெருக்க வேண்டியதுதான், ஒலியின் வேகம் வந்துவிடும்.

கண்ணாடி ஜாடிக்கு எங்கே போவது? குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டுமென்று யார் சொன்னது என்று யோசித்தேன். அந்தப் பிள்ளை மறுநாளே வாப்பாவின் கடையிலிருந்து மூன்றடி இரும்புப் பைப் ஒன்று கொண்டுவந்தாள். ஜாடிக்குப் பதில் மூங்கில். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் பையன் ஆற்றோரத்தில் கையைவிடத் தடித்த மூங்கில் ஒன்றை வெட்டி, பஸ்ஸின் கூரையில் போட்டுக் கொண்டுவந்தான். கொண்டக்டர் அவனிடம் "என்ன தம்பி, இவ்வளவு பெரிய புல்லாங்குழல யாரு ஊதுறது?" என்று கேட்டாராம். "எங்க டீச்சர்" என்றானாம். ஊதவும் கூடியவள்தான் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை.

பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூங்கிலின் உள்கணுக்களை உடைத்து, தண்ணீர் தங்க அடிக்கணுவை மட்டும் விட்டோம். மணல் நிரப்பிய வாளியில் மூங்கிலை நட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, பைப்பை உள்ளே இறக்கினோம். பைப்பின் வெளிப்புறத்தில், வாயிலிருந்து கீழ்நோக்கி, சிவப்பு எனாமல் பெயின்ட்டால் சென்ரிமீற்றர் கோடுகளை நானே போட்டேன். மூங்கில் விளிம்பில் எந்தக் கோடு நிற்கிறதோ, அதுதான் நீளம். கோடு போட்ட அழகைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

இசைக்கவையின்மேல் செக்கனுக்கு 512 அதிர்வு என்று பொறித்திருந்தது. ரப்பர்க் கட்டியில் தட்டிவிட்டுப் பைப்பின் வாயில் பிடித்தோம். பையன் பைப்பைத் தூக்க, நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு இடத்தில் இரும்புப் பைப் வாயைத் திறந்து பாடியது. அறையே நிறைந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்தச் சத்தத்தை நான் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

"பதினாலரை, டீச்சர்" என்றாள் அந்தப் பிள்ளை. வாசிப்பது அவள் வேலை. இன்னும் உயர்த்தினோம், மறுபடியும் பாடியது. "நாப்பத்தஞ்சுக்குக் கொஞ்சம் குறைய. நாப்பத்துநாலு தசம் ஒம்பது."

வித்தியாசம் 30.4. கணக்குப் போட்டோம். ஒலியின் வேகம் செக்கனுக்கு 311 மீற்றர்.

வெயில் நாள். அந்தச் சூட்டுக்கு 347 அளவில் வர வேண்டும். மறுபடி செய்தோம், 311. அடுத்த நாள் 312. அதற்கடுத்த நாள் 310. அதிபர் எட்டிப்பார்த்து, "ஏன் டீச்சர், நம்ம ஊருல சத்தம்கூட மெதுவாத்தான் போகுதோ?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இசைக்கவை பிழையா என்று பார்க்கச் சுரமானியை எடுத்தோம். கம்பியைத் தராசில் நிறுத்து, எடையைக் கணக்கிட்டு, இசைக்கவையைத் தட்டிப் பெட்டிமேல் ஊன்றி, கடதாசி துள்ளும் வரை நீளத்தைச் சரிசெய்தோம். 510க்குப் பக்கத்தில் வந்தது. இசைக்கவையில் குற்றமில்லை. கோடுகளை மீற்றர்ச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தேன், ஒரு மயிரிழை பிசகவில்லை. பைப்பின் வாயைத் தாண்டி அலை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த முனைத் திருத்தமா? இரண்டு நீளத்தையும் கழிக்கும்போது அது தானாகவே போய்விடும். நான் அந்தப் பிள்ளையின் வாசிப்பைச் சந்தேகித்தேன். "குனிஞ்சு, கண்ணை விளிம்புக்கு நேரா வச்சுப் பாரு. மேலயிருந்து பாத்தா வழு வரும்னு எத்தனை தரம் சொல்றது?" என்று ஏசினேன். "நேராத்தான் டீச்சர் பாக்கிறேன்" என்றாள். உண்மைதான். விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்து, நான் சொன்னது சொன்னபடியே பார்த்தாள். நாங்கள் யாருமே மேலேயிருந்து பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பதை அந்த அறையில் நான் பாவமாக்கி வைத்திருந்தேன்.

அதிகாரி வருவதற்கு முதல் நாள் மத்தியானம் நான் செய்த காரியத்தை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. 347 வருவதற்கு எந்தெந்த நீளம் வர வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். 16.1, 50. அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு ஆபிசர் முன்னுக்குப் பதினாறு தசம் ஒண்ணு, அம்பதுன்னு வாசிச்சிரு. அவரு குனிஞ்சு பாக்கவா போறாரு?"

அவள் முகம் சிவந்தது. "சரி டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்காகத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி, என் சிவப்புக் கோடுகளை யாரும் குறை சொல்லக்கூடாது என்பது.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, உயர்ந்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை. வந்ததும் வராததுமாக மூங்கிலைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "உதென்ன பிள்ளை, கள்ளுக்கு வச்சிருக்கிறியளோ?" என்றார் என்னிடம். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிக்கவைக்கத்தான் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது.

"சரி, செய்து காட்டுங்கோ பாப்பம்."

தோட்டத்துப் பையன் பைப்பை அடிவரை இறக்கினான். மூங்கில் நிறைந்து வழிந்து தரையெல்லாம் தண்ணீர். அதிபர் பதறிப்போய்ச் சாக்கு ஒன்றைப் போட்டு ஒற்றினார். பைப் மெல்ல உயர்ந்தது, பாடியது. அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

"எத்தினை?"

அந்தப் பிள்ளை குனிந்து பார்த்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். "பதினாலரை, சேர்."

இரண்டாவது தரமும் பாடியது. "நாப்பத்துநாலு தசம் ஒம்பது, சேர்" என்றாள். குரல் நடுங்கியது, எண் நடுங்கவில்லை.

அதிகாரி கையிலிருந்த தாளிலேயே கணக்குப் போட்டார். "முந்நூற்றிப் பதினொண்டு. கனக்கக் குறையுது. எவ்வளவு வரவேணும்?"

"முந்நூத்தி நாப்பத்தேழு, சேர்."

"அப்ப எங்க பிழை?"

"தெரியாது சேர். ஏழு நாளா செய்றோம். ஏழு நாளும் இதுதான் வருது." தன் செய்முறைக் கொப்பியைத் திறந்து நீட்டினாள். ஏழு பக்கம், ஏழு தரமும் 311ஐச் சுற்றியே. ஒன்றையும் அவள் திருத்தவில்லை, அழிக்கவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வகுப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். அவள்மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? அவளைக் காப்பாற்ற நினைத்தேன், அவளே வாய்க்கால் வெட்டி எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டாளே என்று.

அப்போது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதிபர் பிழிந்துகொண்டிருந்த சாக்கையும்.

"டீச்சர்" என்றாள் திடீரென்று. "பைப்ப இறக்கக்குள்ள வழிஞ்ச தண்ணி இந்தா கீழ இருக்கு. அப்ப பைப்ப மேல தூக்கினா, அது இருந்த எடத்த நிரப்ப உள்ள தண்ணி எங்க?"

சொல்லிக்கொண்டே, நான் தடுத்துவைத்திருந்த காரியத்தைச் செய்தாள். பையன் பைப்பைத் தூக்கியபடியே நிற்க, மூங்கிலின் வாய்க்குள் மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டாள். விரல் நுனி மட்டும் நனைந்து வந்தது.

"அஞ்சு சென்ரிமீற்றர் கீழ போயிருக்கு டீச்சர்!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்தும் கொண்டேன். கண்ணாடி ஜாடியாக இருந்திருந்தால் தண்ணீர் இறங்குவது எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். மூங்கில் மறைத்துவிட்டது. நாங்கள் அளந்தது விளிம்புவரை, காற்று நின்றது தண்ணீர்வரை. பைப் உயர உயரத் தண்ணீர் இறங்கியது. நீளமான பரிவில் அதிகம் இறங்கியது, குட்டையான பரிவில் கொஞ்சம் இறங்கியது. ஆகவே கழித்தாலும் போகாத பிழை.

"செம்பு கொண்டா!" என்று கத்தினேன். அதிகாரி இருப்பதே மறந்துபோயிற்று.

அவள் செம்பால் தண்ணீர் ஊற்ற, பையன் பைப்பைத் தூக்க, மூங்கில் எப்போதும் விளிம்புவரை நிறைந்தே நின்றது. தண்ணீர் ஏற ஏறச் சத்தம் அடங்கியது, பைப்பை உயர்த்தியதும் திரும்ப வந்தது. "இன்னும் தூக்கு... ஊத்து... தூக்கு..." என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டளையிட்டோம். அதிபர்கூட. கடைசியில் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நிற்க, பைப் உரக்கப் பாட, அவள் குனிந்து வாசித்தாள்.

"அம்பது!"

முதல் பரிவையும் அப்படியே எடுத்தோம். 16.1. நான் சொல்லிக்கொடுத்த பொய்யும் தண்ணீர் சொன்ன உண்மையும் ஒரே எண்ணாக இருந்தன. அந்த வெட்கத்தை யாரோடும் பங்குபோட முடியாது.

அதிகாரி கணக்கை முடித்து 347 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "மூண்டாவது பரிவு எங்க வரும்? தூக்க முதல் சொல்லும் பாப்பம்" என்றார்.

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஒவ்வொரு தரமும் அரை அலை கூடும் சேர். அம்பதும் முப்பத்துமூணு தசம் ஒம்பதும். எண்பத்துநாலுக்கு மயிரிழை குறைய."

பைப்பின் நீளமே தொண்ணூற்றொன்றுதான். அவ்வளவு உயரத்தில் இசைக்கவையைப் பிடிக்க யாருக்கும் கை எட்டவில்லை. அதிகாரி சப்பாத்தைக் கழற்றினார். வெள்ளைக் காற்சட்டையோடு, பிள்ளைகள் உட்காரும் வாங்கின்மேல் ஏறி நின்று, இசைக்கவையைத் தாமே தட்டிப் பிடித்தார். பையன் தூக்கினான், அவள் ஊற்றினாள். எண்பது, எண்பத்திரண்டு. சத்தம் இல்லை. எண்பத்துமூன்றைத் தாண்டியதும் மெல்ல ஆரம்பித்து, எண்பத்துநாலில், முன்பைவிடச் சற்றுத் தணிவாக, ஆனால் தெளிவாகப் பைப் பாடியது. அதிகாரி வாங்கின் உச்சியில் நின்று சின்னப் பிள்ளைபோல் "ஆ!" என்றார். பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். நான் விசில் அடித்தேன். ஆமாம், அன்றைக்கும் பக்கத்து வகுப்பில் சமய பாடம்தான்.

அவர் கீழே இறங்கிச் சப்பாத்தைப் போடும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். மனதில் வைத்திருக்க முடியவில்லை.

"சேர், நேத்து நான் அந்தப் பிள்ளைகிட்ட பொய்யா வாசிக்கச் சொன்னேன். அவ கேக்கல."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார். "கேட்டிருந்தா, சரியான விடையைப் பாத்திட்டு நான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருப்பன். ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கியிராது" என்றார். பிறகு சிரித்தார். "வகுப்பு இருக்கட்டும். ஆர் படிப்பிக்கிறது எண்டதை மட்டும் நீங்கள் ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்கோ."

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு நானும் இரும்புக் கடைக்கு நடந்தேன். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள், பைப்பின் அடியும் திறந்திருந்தால் பரிவு எங்கெங்கே வரும் என்று. நான் பதில் சொன்னேன், சில இடத்தில் அவள் என்னைத் திருத்தினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கூடவே வந்தேன். கேட்டேன். "ஐயோ டீச்சர், விடுங்க" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவளுடைய வாப்பா கடை வாசலில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் பயம்.

"என்ன டீச்சர், மூடிட்டாங்களா?"

"மூடல. ஆபிசர் ஒத்துக்கிட்டாரு. வகுப்பு இங்கயே நடக்கும். உங்க மகளாலதான் நடக்குது."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அவளுடைய பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்ததைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்து, ஆணிப் பொட்டலத்தைக் கட்ட ஆரம்பித்தார்.

"அப்ப நாளைக்கும் வருவா" என்றார்.